செயலியை நீக்கினால் கார்டும் நீங்கிவிடுமா?

தீபாவளிக்குத் துணி வாங்க மெர்போக்கிலிருந்து சுங்கைப் பட்டாணிக்குப் போய்வந்த நாம், இப்போது பாதிக் கொள்முதலைக் கைப்பேசியிலேயே முடித்துவிடுகிறோம். ஒருமுறை கார்டு எண்ணைக் கொடுத்தால் போதும். அடுத்த முறை அதன் கடைசி நான்கு இலக்கங்கள் திரையில் தெரியும். தட்டினால் பணம் போய்விடும். பண்டிகை முடிந்ததும் செயலியை நீக்கிவிடுகிறீர்கள். கார்டும் அதோடு போய்விட்டதா? இல்லை.

காரணம், கார்டு விவரம் உங்கள் கைப்பேசியில் இல்லை. கடையின் கணக்கில் உங்கள் பெயருக்கு நேராக ஒரு 'டோக்கன்' இருக்கிறது. அது கார்டு எண்ணுக்குப் பதிலாக நிற்கும் மாற்று எண். விசா, மாஸ்டர்கார்டு போன்ற கட்டண வலையமைப்புகள் தரும் டோக்கன் பொதுவாக எந்தக் கடைக்குத் தரப்பட்டதோ அந்தக் கடையில்தான் செல்லும். ஆகவே திருடன் கடையின் தகவல் கிடங்கை உடைத்து அதை எடுத்தாலும் வேறிடத்தில் பயன்படாது. ஆனால் உங்கள் கடவுச்சொல்லைத் தெரிந்துகொண்டு கணக்குக்குள் நுழைபவனுக்கு டோக்கன் திறந்த கதவுதான். சில கடைகளில் சேமித்த கார்டுக்கு வங்கியின் உறுதிப்பாடுகூடக் கேட்கப்படுவதில்லை.

கார்டு காலாவதியானால் தீர்ந்துவிடும் என்றும் நம்ப வேண்டாம். புதிய கார்டு வந்ததும் பழைய டோக்கன் தானாகவே அதனுடன் இணைக்கப்படலாம்.

இந்தியாவில் இதற்கு ஒரு விதி உண்டு. 2022 அக்டோபர் 1 முதல் அங்கே கடைகள் கார்டு எண்ணையே வைத்திருக்கக் கூடாது. அதற்குப் பதிலாக டோக்கன் வைக்கலாம். எந்தெந்தக் கடையில் டோக்கன் இருக்கிறது என்ற பட்டியலை வாடிக்கையாளர் பார்க்கவும், வேண்டாததை நீக்கவும் வங்கி வழி செய்ய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2021 செப்டம்பரில் உத்தரவிட்டது. உங்கள் வங்கிச் செயலியிலும் கார்டு பகுதியில் அப்படிப் பட்டியல் உண்டா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் நாமே தேட வேண்டியதுதான்.

மெர்போக்கில் ஓர் அக்கா தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் 12 மாத வங்கி அறிக்கையை எடுக்கிறார். மூன்று மாதம் போதாது. ஆண்டுச் சந்தா வருடத்துக்கு ஒருமுறைதான் தலைகாட்டும். கார்டு வழியாகப் பணம் போன ஒவ்வொரு பெயரையும் தாளில் எழுதுகிறார். நான்கு பெயர்கள் கிடைக்கின்றன: ஒரு கடைச் செயலி, ஒரு துணிக்கடை இணையத்தளம், வாடகைக் கார் செயலி, பேரன் விளையாட்டு வாங்கிய கூகிள் பிளே. அறிக்கையில் கடையின் பெயருக்குப் பதில் அதன் தாய் நிறுவனத்தின் பெயர் இருக்கலாம். எனவே புரியாத பெயரின் தேதியையும் தொகையையும் வைத்து மின்னஞ்சலில் "receipt", "order", "resit" என்று தேடுகிறார். கார்டைச் சேமித்துவிட்டு எதுவுமே வாங்காத கடை இந்தத் தேடலில் அகப்படாமல் போகலாம்.

அடுத்தது நீக்கம். நீக்கிய செயலியென்றால் திரும்ப நிறுவியோ இணையத்தளம் வழியாகவோ கணக்கில் நுழைய வேண்டும். கார்டு பெரும்பாலும் அமைப்புகளில் "Payment Methods" அல்லது "Cards" என்ற தலைப்பின் கீழ் இருக்கும். கூகிள் பிளேயில் உங்கள் படத்தைத் தட்டி "Payments & subscriptions", பிறகு "Payment methods", அதிலிருந்து "More payment settings" என்று போனால் "Remove" கிடைக்கும். சந்தா ஓடிக்கொண்டிருந்தால் முதலில் அதை ரத்து செய்யுங்கள். இல்லாவிட்டால் கார்டை நீக்க விடாமல் போகலாம். கார்டு போனபின்னும் பாக்கி நிற்கலாம். திரும்பி வரவேண்டிய பணம் ஏதும் இருந்தால் அது வந்தபின் நீக்குவது நல்லது.

நீங்கியதா என்று எப்படி அறிவது? கணக்கிலிருந்து வெளியேறி மறுபடி நுழையுங்கள். ஏதாவது ஒரு பொருளைக் கூடையில் போட்டுக் கட்டணப் பக்கம் வரை போங்கள். கார்டின் கடைசி நான்கு இலக்கங்கள் இன்னும் தெரிந்தால் வேலை முடியவில்லை. முழு எண்ணும் தானாக நிரம்பினால் அது கடையின் டோக்கன் அன்று, உலாவியில் சேமித்திருப்பது. குரோமில் "Settings" உள்ளே "Payment methods" போய் அதையும் நீக்குங்கள்.

நீக்கும் வசதியே இல்லாத இணையத்தளத்துக்கு எழுத்து மூலம் கேளுங்கள். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010, கொடுத்த ஒப்புதலை எழுத்து மூலம் திரும்பப் பெறும் உரிமையைத் தருகிறது. பதில் வராவிட்டால் வங்கியிடம் புதிய எண்ணில் கார்டு கேளுங்கள். பழைய கடைகளுடன் அதை இணைக்க வேண்டாம் என்றும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

தேடும்போது நீங்கள் செய்யாத கொள்முதல் ஒன்று கண்ணில் பட்டால், டோக்கனை நீக்குவதை அப்புறம் பார்க்கலாம். முதலில் வங்கியை அழைத்துக் கார்டை முடக்குங்கள். மோசடி என்று தெரிந்தால் 997 எண்ணை அழையுங்கள்.