ஸ்டோமா பை: தோல் வெந்துபோவது ஏன்?

குடல் புற்றுநோய் அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவர்களில் சிலருக்கு, வலது அடிவயிற்றில் ஒரு பை ஒட்டப்பட்டிருக்கும். சிறுகுடலின் ஒரு பகுதியை வயிற்றின் வெளியே கொண்டுவந்து தைத்திருப்பார்கள். அந்த வாய்க்குப் பெயர் ஸ்டோமா. சிறுகுடலில் வைத்தால் இலியாஸ்டமி என்பார்கள். உள்ளே தைத்த குடல் ஆறும்வரை தற்காலிகமாக இதை வைப்பதுதான் அதிகம்.

மருத்துவமனையில் நர்ஸ் மாற்றிவிட்ட பை நன்றாகவே இருந்திருக்கும். வீட்டுக்கு வந்த சில வாரங்களில் பையைச் சுற்றி எரிச்சல், அரிப்பு, கசிவு என்று தொடங்கும். பை தரமில்லை, பசை ஒத்துக்கொள்ளவில்லை என்று பலர் வேறு கம்பெனி பையைத் தேடுவார்கள். பெரும்பாலும் கோளாறு பையில் இல்லை. அதில் வெட்டிய ஓட்டையின் அளவில் இருக்கிறது.

ஸ்டோமா சுருங்கும், ஓட்டை சுருங்காது

சிறுகுடலிலிருந்து வருவது கெட்டியான மலம் அல்ல. கூழ் பதத்தில் வரும் அந்தக் கழிவில் உணவைச் செரிக்கும் நொதிகள் இன்னும் வீரியத்தோடு இருக்கின்றன. சோற்றையும் பருப்பையும் கரைக்கும் அதே நொதிகள் தோலில் பட்டால் தோலையும் அரிக்கத் தொடங்கும். சில மணி நேரத்திலேயே தோல் சிவந்து நீர் கசியும். ஈரமான தோலில் பசை பிடிக்காது. பசை பிடிக்காவிட்டால் கசிவு கூடும். கசிவு கூடினால் புண் பெரிதாகும்.

அறுவை முடிந்த உடனே ஸ்டோமா வீங்கியிருக்கும். அடுத்த ஆறு முதல் எட்டு வாரங்களில் வீக்கம் வடிந்து சிறுத்துவிடும். ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். மருத்துவமனையில் ஒருவரின் ஸ்டோமா 35 மி.மீ அகலம், பையின் தகட்டில் 38 மி.மீ ஓட்டை வெட்டிக் கொடுத்தார்கள். வீட்டில் மகன் அதே அளவை அட்டையில் வரைந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் வெட்டுகிறார். நான்காவது வாரம் ஸ்டோமா 28 மி.மீ ஆகிவிட்டது. இப்போது அதைச் சுற்றி 5 மி.மீ அளவுக்குத் தோல் மூடாமல் கிடக்கிறது. கழிவு நேராக அந்த வளையத்தில்தான் தேங்கும். பையைக் கழற்றினால் ஸ்டோமாவைச் சுற்றி வட்டமாகச் சிவந்திருப்பது தெரியும். அவருக்கு இப்போது தேவை 30 அல்லது 31 மி.மீ ஓட்டை.

கணக்கு எளியது: ஓட்டை ஸ்டோமாவைவிட 2 முதல் 3 மி.மீ மட்டும் பெரிதாக இருக்க வேண்டும். அதைவிடச் சிறிதானால் தகட்டின் விளிம்பு ஸ்டோமாவை உரசிக் காயப்படுத்தும். முதல் இரண்டு மாதங்களுக்கு வாரம் ஒருமுறையாவது அளந்து பாருங்கள். பை டப்பாவோடு வரும் அளவு அட்டை அதற்குத்தான்.

பை மாற்றும்போது

கசிவு இல்லையென்றால் மூன்று அல்லது நான்கு நாளைக்கு ஒருமுறை மாற்றினால் போதும். காலையில் வெறும் வயிற்றில் குடல் அமைதியாக இருக்கும். அதுவே நல்ல நேரம். ஒரு கையால் தோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மேலிருந்து கீழாக மெல்லக் கழற்றுங்கள். வெடுக்கென்று பிடுங்கினால் தோலின் மேல்படலமும் சேர்ந்து வரும்.

கழற்றிய தகட்டை உடனே குப்பையில் போடாமல் திருப்பிப் பாருங்கள். பசை எந்தப் பக்கம் கரைந்து, கழிவு எந்த இடம்வரை ஓடியிருக்கிறது என்பது அதில் தெரியும். எப்போதும் ஒரே பக்கம் கரைந்தால், அங்கே வயிற்றில் மடிப்போ பள்ளமோ இருக்கிறது என்று பொருள். அந்த இடத்தை ஸ்டோமா பேஸ்ட் வைத்து நிரப்ப வேண்டும்.

சுத்தம் செய்ய வெதுவெதுப்பான தண்ணீரும் மெல்லிய பருத்தித் துணியும் போதும். டெட்டால், ஸ்பிரிட் வேண்டாம். தேங்காய் எண்ணெய், முகப் பவுடர் தடவினால் பசை ஒட்டாது. துடைக்கும்போது ஸ்டோமாவில் லேசாக ரத்தம் கசிவது இயல்பு. அதில் வலி உணரும் நரம்பு இல்லை. எரிச்சல் இருந்தால் அது தோலிலிருந்து வருவதே. தோலை ஒற்றியெடுத்து நன்றாக உலர வையுங்கள். நீர் கசியும் புண் இருந்தால் அதன்மேல் மட்டும் ஸ்டோமா பவுடரைத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிடுங்கள். புதுத் தகட்டை ஒட்டியபின் உள்ளங்கையை ஒன்றிரண்டு நிமிடம் அதன்மேல் வைத்திருந்தால் சூட்டில் பசை இளகிப் பிடித்துக்கொள்ளும்.

கசியும் இடத்தில் மேலே பிளாஸ்டர் ஒட்டிச் சமாளிக்காதீர்கள். அடியில் தேங்கும் கழிவு தோலை அரித்துக்கொண்டே இருக்கும். எரிச்சல் தெரிந்தாலே பையை மாற்றிவிடுங்கள்.

காலி செய்வது

பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்யுங்கள்; பாதியைத் தாண்ட விடாதீர்கள். நிறைந்த பையின் கனம் தகட்டைக் கீழே இழுத்து ஒட்டைப் பிரித்துவிடும். ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை வேண்டியிருக்கும். படுக்கப்போகுமுன் ஒருமுறை கட்டாயம்.

கழிப்பறைக் கோப்பையில் முதலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் தெறிக்காது. குந்தி உட்கார முடியாதவர்கள் சிறிய முக்காலியில் உட்கார்ந்துகொள்ளலாம். பையின் வாயை மேல்நோக்கிப் பிடித்து கிளிப்பைத் திறந்து, பிறகு கீழே சாய்த்து வடித்துவிடுங்கள். வாயின் நுனியை உள்ளும் வெளியும் துடைத்தபின்பே மூட வேண்டும். வாடை பெரும்பாலும் அந்த நுனியில் ஒட்டியிருப்பதிலிருந்துதான் வருகிறது. காற்று சேர்ந்து பை உப்பினால் கிளிப்பைத் திறந்து வெளியேற்றுங்கள். ஊசியால் ஓட்டை போட்டால் வாடையும் கசிவும் நிற்காது.

முதல் சில வாரங்கள் ஓர் அளவுக் குவளையில் வடித்து, எவ்வளவு என்று குறித்து வையுங்கள். நாளொன்றுக்கு 500 மில்லி முதல் ஒரு லிட்டர்வரை வரலாம். ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் உடம்பிலிருந்து நீரோடு உப்பும் போகிறது. அப்போது வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் போதாது. அது கழிவை இன்னும் கூட்டவும் கூடும். ஓ.ஆர்.எஸ். கரைசல், உப்புப் போட்ட கஞ்சி, மோர் குடிக்கலாம். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் ஒரு லிட்டருக்கானதும் 200 மில்லிக்கானதும் உண்டு. படித்துப் பார்த்துக் கரையுங்கள். இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொள்ள வேண்டும்.

எப்போது போன் செய்வது?

ஸ்டோமா ஈரமாக, வாயின் உட்புறம்போல் சிவப்பாக இருக்க வேண்டும். அது கருஞ்சிவப்பாக, ஊதாவாக, கறுப்பாக மாறினால் ரத்த ஓட்டம் குறைகிறது என்று பொருள். இரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஸ்டோமாவின் உள்ளிருந்து ரத்தம் வந்தாலும், அழுத்திப் பிடித்தும் ரத்தம் நிற்காவிட்டாலும், குடல் திடீரென்று நீளமாக வெளியே தள்ளினாலும் அப்படியே.

நான்கைந்து மணி நேரமாகப் பையில் ஒன்றுமே விழாமல், வயிறு முறுக்கி வலித்து, குமட்டலும் வந்தால் குடல் அடைத்திருக்கலாம். முருங்கைக்காய்ச் சக்கை, தேங்காய்த் துருவல், சோளம், காளான் போன்றவற்றைச் சரியாக மெல்லாமல் விழுங்குவது இதற்குக் காரணமாகலாம். பேதி மருந்து எடுத்துவிடாதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் பேசுங்கள். வாந்தி தொடங்கிவிட்டால் நேரே கிளம்பிவிடுங்கள்.

கழிவு ஒன்றரை லிட்டரைத் தாண்டினாலும், தலைசுற்றல், கெண்டைக்கால் பிடிப்பு, சிறுநீர் குறைந்து அடர்மஞ்சளாகப் போவது இவற்றில் ஏதாவது தெரிந்தாலும் அன்றே பேசுங்கள். தாமதித்தால் சிறுநீரகம் பாதிக்கும்.

புண் இரண்டு மூன்று நாளில் ஆறாவிட்டாலும், பை ஒரு நாள்கூட ஒட்டி நிற்காவிட்டாலும், அடுத்த பரிசோதனைத் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே, நர்ஸ் பார்த்துக்கொண்டிருக்க உங்கள் கையாலேயே ஒருமுறை பையை மாற்றிவிடுங்கள். சந்தேகம் வந்தால் யாரை, எந்த எண்ணில் கூப்பிடுவது என்று எழுதி வாங்கிக்கொண்ட பிறகே வீட்டுக்குக் கிளம்புங்கள்.