வாளிக்குள் ஊறும் மிச்சச் சோறு

பொகாஷி வாளியை முதன்முறை திறந்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஏமாந்துபோவார்கள். இரண்டு வாரம் மூடி வைத்தும் பீன்ஸ் பீன்ஸாகவே இருக்கும். மிஞ்சிய சோறு பருக்கை பருக்கையாகத் தெரியும். மட்கவில்லையே என்று வாளியை ஓரங்கட்டிவிடுவார்கள். அதற்குள் நடந்தது மட்குவது அல்ல, ஊறுகாய் ஊறுவதைப் போன்ற புளிப்பு.

ஜப்பானிய உழவர்களின் பழைய உத்தி இது. அந்நாட்டின் ஒகினாவாவில், ரியூக்யூ பல்கலைக்கழகப் பேராசிரியர் தெருவோ ஹிகா உருவாக்கிய இ.எம். நுண்ணுயிர்க் கலவை 1980களிலிருந்து பரவியபோது, இம்முறையும் வீட்டுச் சமையலறைகளுக்குள் வந்தது. தவிட்டில் அந்தக் கரைசலையும் வெல்லப்பாகையும் பிசைந்து, காற்றுப் புகாமல் புளிக்கவைத்து, உலர்த்தினால் பொகாஷித் தவிடு தயார்.

அடியில் குழாயுள்ள, இறுக மூடும் வாளி வேண்டும். இரண்டு விரல் உயரத்துக்குக் கழிவு, மேலே ஒரு கைப்பிடித் தவிடு, ஓர் அழுத்து, உடனே மூடி. லாக்டிக் அமில பாக்டீரியா பெருகி அமிலம் கூடுவதால் அழுகவைக்கும் கிருமிகள் தலையெடுப்பதில்லை. அதனால்தான் திறந்த உரக்குழியில் எலியையும் ஈயையும் அழைக்கும் பொரியல், மீன்முள், சோறு எல்லாம் இதில் போகலாம். குழம்பை மட்டும் நன்றாக வடித்துவிட வேண்டும். ஈரம் மிஞ்சினால் வாளி கெடும்.

கீழே சேரும் நீரை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இறக்க வேண்டும். அதில் இரண்டு தேக்கரண்டியை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து அன்றைக்கே செடியின் மண்ணில் ஊற்றலாம். அப்படியே ஊற்றினால் வேர் கருகும்.

வாளி நிரம்பியபின் இரண்டு வாரம் திறக்காமல் விட வேண்டும். அடுத்த கழிவுக்கு இரண்டாவது வாளி தேவைப்படுவது இதனால்தான். புளித்த வாசனையும் வெள்ளைப் பூஞ்சணமும் நல்ல அறிகுறிகள். கறுப்போ பச்சையோ படர்ந்து அழுகல் நாற்றம் அடித்தால், காற்று புகுந்திருக்கிறது அல்லது தவிடு போதவில்லை.

மீதி வேலை மண்ணுடையது. தோட்டம் இருந்தால் ஒரு முழ ஆழத்தில், செடிகளின் வேரை விட்டு விலகிக் குழி தோண்டி, கழிவை மண்ணோடு கலந்து மூடலாம். பால்கனி மட்டுமே உள்ளவர்களுக்கு ஓட்டை போட்ட பழைய டப் போதும். அடியில் கொஞ்சம் மண். அதன்மேல் ஒரு பங்கு கழிவுக்கு இரண்டு பங்கு மண் சேர்த்துப் பிசறியது. மேலே நான்கு விரல் மண். மழை படாமல் மூடிவைக்க வேண்டும்.

இந்தக் கட்டத்தில்தான் கண்ணெதிரே மாற்றம் தெரியும். மண்ணின் உயிர்கள் அமிலத்தை உண்டு தீர்க்கும். ஏற்கெனவே ஊறித் தளர்ந்த காய்கறியும் சோறும் மூன்று நான்கு வாரத்தில் அடையாளம் தெரியாமல் போகும். அதற்குமுன் நாற்று நட்டால் புளிப்பு வேரைச் சுடும். கிளறும்போது புளிப்பு வாசனை போய் மண் வாசனை மட்டும் வந்தால் நடலாம். பெரிய எலும்பும் மாங்கொட்டையும் அப்படியே கிடக்கும். பொறுக்கி எடுக்க வேண்டியதுதான். டப்பில் பாதி மண்ணைச் செடிக்கு எடுத்துக்கொண்டு, மறுபாதியை அடுத்த வாளிக்காக அதிலேயே விட்டுவைக்கலாம்.