வாங்குபவரும் அவரே, விற்பவரும் அவரே: கணக்கைக் கழிப்பது எப்படி?

நமது கடைகளில் ஒரே ஆள் இரண்டு லெஜரிலும் இருப்பது புதினமான விடயமல்ல. பெயின்ட் கடைக்காரர் தளபாடப் பட்டறைக்கு வார்னிஷ் கொடுக்கிறார், அதே பட்டறையிடம் தன் கடைக்கு அலுமாரி செய்விக்கிறார். நான் கடதாசி வியாபாரம் செய்பவன். மருதானைப் பக்கமுள்ள அச்சகம் ஒன்று என்னிடம் கடதாசி வாங்குகிறது. நான் அதே அச்சகத்திடம் பில் புத்தகமும் கலண்டரும் அடித்து வாங்கி விற்கிறேன். அவர் எனக்குக் கடன்பட்டவர், நான் அவருக்குக் கடன்பட்டவன்.

மாதம் முடிந்ததும் இருவரும் என்ன செய்கிறோம்? "நானா, உங்கட கணக்கும் எங்கட கணக்கும் கழிச்சுப் போட்டு மிச்சத்துக்கு ஒரு செக் தாங்களேன்" என்கிறோம். அவரும் சரி என்கிறார். அத்துடன் விடயம் முடிந்தது என்று நினைக்கிறோம். ஆனால் கொப்பியில் அது எப்படி எழுதப்படுகிறது என்பதைப் பலர் பார்ப்பதில்லை. கஷ்டம் அங்கேதான் தொடங்குகிறது.

பெரும்பாலான கடைகளில் நடப்பது இதுதான். காசாளர் ஒரு ரசீது எழுதுகிறார், காசு வந்ததாக. உடனேயே ஒரு வவுச்சர் எழுதுகிறார், அதே காசு போனதாக. இரண்டும் சமன். மாலையில் பெட்டிக் காசும் சரியாக இருக்கும். ஆனால் வராத காசை வந்ததாகவும் போகாத காசைப் போனதாகவும் காசேடு சொல்கிறது. பிறகொரு நாள் கணக்காய்வாளரோ இறைவரித் திணைக்களத்தினரோ "இவ்வளவு பணத்தை ஏன் வங்கியில் போடவில்லை?" என்று கேட்டால் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

வேறு சிலர் ஆளுக்கொரு காசோலை எழுதி மாற்றிக் கொள்கிறார்கள். இது இன்னும் ஆபத்து. நமது காசோலை பாஸாகிவிடும், அவருடையது திரும்பி வந்துவிடும். கழிக்க வேண்டிய கடனுக்கு முழுப் பணமும் கொடுத்துவிட்டு, அவரிடம் வசூலுக்கு அலைய வேண்டிய நிலை. பக்கத்துத் தெரு வியாபாரி ஒருவருக்கு இப்படி நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

சரியான வழி கொன்ட்ரா பதிவு. காசேட்டைத் தொடாமல், பொது நாளேட்டில் ஒரு பதிவு. கடன்கொடுத்தோர் லெஜரில் அச்சகத்தின் கணக்கை டெபிட் பண்ண வேண்டும், கடன்பட்டோர் லெஜரில் அதே அச்சகத்தின் கணக்கைக் கிரெடிட் பண்ண வேண்டும். பள்ளிக்கூடத்தில் வரவு, செலவு என்று படித்தவர்களுக்கு முதலாவது வரவு, இரண்டாவது செலவு. பதிவு முடிந்த பின் இரண்டு மீதியும் குறைந்திருக்க வேண்டும்.

எவ்வளவு தொகைக்கு என்பதுதான் அடுத்த கேள்வி. ஒரு கணக்கை எடுத்துப் பார்ப்போம்.

மாத முடிவில் அச்சகம் எனக்குத் தர வேண்டியது 650,000 ரூபா. நான் அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டியது 420,000 ரூபா. வித்தியாசம் 230,000. வாய்க்கணக்கில் பார்த்தால் 420,000 ரூபாவைக் கழித்துவிட்டு, 230,000 ரூபாவுக்குக் காசோலை வாங்கிக் கொள்ளலாம் போலத் தெரியும். கொப்பியைப் புரட்டிப் பார்த்தால் கதை வேறு.

அந்த 650,000 ரூபாவில் 200,000 ரூபா இன்வொய்ஸ் ஒன்றுக்கு அச்சகக்காரர் ஏற்கெனவே பின்திகதியிட்ட காசோலை தந்திருக்கிறார். அது என் லாச்சியில் இருக்கிறது. எங்கள் கடையில் காசோலை பாஸான பிறகுதான் லெஜரில் பதிவோம், ஆகவே மீதி இன்னும் 650,000 என்றே நிற்கிறது. இதைக் கவனியாமல் 230,000 ரூபாவுக்குப் புதிய காசோலை வாங்கினால், அடுத்த மாதம் லாச்சியில் உள்ளதும் வங்கிக்குப் போகும். அவரிடம் 430,000 ரூபா வாங்கியிருப்போம், 200,000 கூடுதலாக. அவருடைய வங்கிக் கணக்கில் பணம் இல்லாவிட்டால் அந்தக் காசோலை திரும்பும். நல்ல மனிதரோடு தேவையில்லாத மனஸ்தாபமும் வரும். ஆகவே காசோலை கொடுக்கப்பட்ட இன்வொய்ஸைக் கழிப்பில் சேர்க்கக் கூடாது. சேர்த்தே ஆக வேண்டுமானால் முதலில் அந்தக் காசோலையைத் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். ஆக, என் பக்கம் கழிக்கக் கூடியது 450,000.

அவர் பக்கத்தில் 420,000 ரூபாவில் 60,000 ரூபா, இலக்கம் பிழையாக அடிக்கப்பட்ட பில் புத்தகங்களுக்கு. நான் ஏற்றுக்கொள்ளவில்லை. திருப்பி அடித்துத் தருவதா, கிரெடிட் நோட் தருவதா என்று பேச்சு நடக்கிறது. தகராறில் உள்ள தொகையைக் கழித்துவிட்டால் அந்தப் பில்லை நான் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். எனவே கழிக்கக் கூடியது 360,000 மட்டுமே.

450,000, 360,000 என்ற இரண்டில் சிறியது 360,000. கொன்ட்ரா பதிவு அந்தத் தொகைக்குத்தான். பதிந்த பிறகு அச்சகம் எனக்குத் தர வேண்டியது 290,000. அதில் 200,000 ரூபாவுக்குக் காசோலை கையில் இருக்கிறது, மிச்சம் 90,000 ரூபாவுக்குத்தான் புதிய காசோலை கேட்க வேண்டும். நான் கொடுக்க வேண்டியது தகராறிலுள்ள 60,000. கழிப்பதற்கு முன் வித்தியாசம் 230,000, கழித்த பின்பும் 290,000 இலிருந்து 60,000 போக 230,000. இந்த வித்தியாசம் மாறினால் எங்கோ பிழை இருக்கிறது என்று அர்த்தம்.

ஆனால் வித்தியாசம் மாறவில்லை என்பதற்காகப் பிழை இல்லை என்றும் சொல்ல முடியாது. பதிவைத் தலைகீழாகப் போட்டுவிட்டால், அதாவது கடன்பட்டோர் பக்கத்தை டெபிட் பண்ணி மற்றதைக் கிரெடிட் பண்ணினால், என் மீதி 1,010,000 ஆகும், அவர் மீதி 780,000 ஆகும். வித்தியாசம் அப்போதும் 230,000! பரீட்சை மீதியும் சமப்படும். கணக்குப்பிள்ளை சந்தோஷமாக வீட்டுக்குப் போய்விடுவார். இரண்டு மீதியும் குறைந்தனவா, கூடினவா என்று கண்ணால் பார்த்தால் மட்டுமே இது பிடிபடும்.

கட்டுப்பாட்டுக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. தனிப்பட்ட இரண்டு லெஜரிலும் 360,000 ரூபாவைப் பதிந்துவிட்டு, கட்டுப்பாட்டுக் கணக்குகளில் பதிய மறந்து விடுவார்கள். அப்போது கடன்பட்டோர் பட்டியலின் கூட்டுத்தொகை கட்டுப்பாட்டுக் கணக்கை விட 360,000 குறைவாக நிற்கும். கடன்கொடுத்தோர் பக்கமும் அதே 360,000 குறைவாக நிற்கும். இரு பக்கமும் ஒரே தொகை இடித்தால், வேறெங்கும் தேடாமல் முதலில் கொன்ட்ரா வவுச்சரை எடுத்துப் பாருங்கள். அரை நாள் வேலை மிச்சம்.

யாரோடு கழிக்கலாம் என்பதும் முக்கியம். நமது நாட்டில் வழக்கிலுள்ள ரோமன் டச்சுச் சட்டத்தின்படி, இரண்டு கடனும் அதே இருவருக்கிடையில் இருக்க வேண்டும், இரண்டும் பணக் கடனாகவும், தவணை வந்ததாகவும், தொகை நிச்சயமானதாகவும் இருக்க வேண்டும். அந்த 60,000 ரூபாவை ஒதுக்கியது இதனாலும்தான். ஆனால் நம்மவர்கள் அதிகம் தவறுவது 'அதே இருவர்' என்பதில். கடதாசி வாங்கியது அச்சகக்காரர் தன் பெயரில் நடத்தும் தனிவியாபாரம். கலண்டர் விற்றது அவரும் தம்பியும் பங்குதாரராக உள்ள பிரைவேட் லிமிடெட் கம்பனி. கடையில் உட்கார்ந்திருப்பவர் ஒரே ஆள்தான், ஆனால் சட்டத்தில் இரண்டு ஆள். கம்பனி முறிந்து போனால் அதைப் பொறுப்பெடுப்பவர், "நீங்கள் கம்பனிக்குத் தர வேண்டியதை முழுதாகத் தாருங்கள். அச்சகக் கடனை அச்சகத்திடம் கேளுங்கள்" என்பார். மூன்று தரப்பும் கையெழுத்திட்ட கடிதம் இல்லாமல் இப்படிக் கழிக்கக் கூடாது. இன்வொய்ஸின் தலைப்பில் உள்ள பெயரையும் பதிவிலக்கத்தையும் பார்த்தாலே இது தெரிந்துவிடும். ஆனால் பார்ப்பதில்லை.

ஒரே பெயராக இருந்தாலும் கடிதம் தேவைதான். நான் பாவிப்பது நாலு வரிக் கடிதம். "உங்களுக்கு நாங்கள் வழங்கிய இன்ன இலக்க இன்வொய்ஸ்களில் 360,000 ரூபாவும், எங்களுக்கு நீங்கள் வழங்கிய இன்ன இலக்கப் பில்களில் 360,000 ரூபாவும் இன்றைய திகதியில் ஒன்றுக்கொன்று கழிக்கப்பட்டன. கழித்த பின் நீங்கள் எமக்குத் தர வேண்டியது 290,000, நாம் உங்களுக்குத் தர வேண்டியது தகராறிலுள்ள 60,000." இரு பிரதி, இரு கையெழுத்து, இரு முத்திரை. அவரும் தன் கொப்பியில் அதே திகதியில் அதே தொகையைப் பதிய வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மாதம் இரண்டு ஸ்டேட்மென்டும் இரண்டு கதை சொல்லும்.

இனி வற் வரி. கழித்ததால் விற்பனை குறையவில்லை, தீர்ந்தது கடன் மட்டுமே. வித்தியாசமான 230,000 ரூபாவுக்கு மட்டும் இன்வொய்ஸ் எழுதலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது கூடாது. 650,000 ரூபா விற்பனையும் முழுதாகக் காட்டப்பட வேண்டும், 420,000 ரூபா கொள்வனவும் அப்படியே. 2024 ஜனவரி முதல் வற் 18 வீதம். கழித்த 360,000 ரூபாவுக்குள் வரி மட்டும் 54,915 ரூபா இருக்கிறது. அந்தத் தொகை எனக்குக் காசாக வரவேயில்லை, ஆனாலும் திணைக்களத்துக்குக் காட்ட வேண்டும். அச்சகமும் வற் பதிவு செய்து முறையான வரி இன்வொய்ஸ் தந்திருந்தால், அவருடைய பில்லிலுள்ள வரியை நான் உள்ளீட்டு வரியாகக் கழித்துக் கொள்வேன், பாரம் இல்லை. அவர் பதிவு செய்யாதவரானால் அந்த வரியை என் கையிலிருந்து கட்ட வேண்டி வரும். கழிப்புக்குச் சம்மதிக்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். சில நேரம் முழுவதையும் கழிக்காமல் ஒரு பகுதியைக் காசாகக் கேட்பதே நல்லது.

கம்பியூட்டரில் கணக்கு வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டாலியில் F4 அழுத்தினால் Contra என்று ஒரு வவுச்சர் வரும். பெயரைப் பார்த்து ஏமாந்து விடாதீர்கள். அது பெட்டிக் காசை வங்கியில் போடுவதற்கும் வங்கியிலிருந்து எடுப்பதற்கும் உள்ளது, வியாபாரிகளின் கணக்கு அதில் வராது. நாம் பேசும் பதிவுக்கு F7, அதாவது Journal. பழைய காசேட்டில் காசு, வங்கி இரு பத்தியிலும் பதிந்து பக்கத்தில் 'சி' என்று போடுவார்களே, டாலியின் Contra அந்த வகை.

மார்ச் 31 இல் கணக்கு முடிப்பவர்களுக்கு, அந்தத் திகதிக்கு முன் கடிதம் கையெழுத்தாகியிருக்க வேண்டும். ஏப்ரலில் கையெழுத்திட்டுவிட்டு மார்ச் என்று திகதி போட வேண்டாம். கழிக்கும் ஒப்பந்தம் இல்லாத நிலையில் ஐந்தொகையில் 650,000 சொத்துப் பக்கத்திலும் 420,000 பொறுப்புப் பக்கத்திலும் தனித்தனியே நிற்கும். வங்கியில் கடன் கேட்கப் போகும்போது பொறுப்பு பெரிதாகத் தெரிகிறதே என்று கவலைப்படுபவர்கள், மார்ச் மூன்றாம் வாரத்திலேயே அந்த நாலு வரிக் கடிதத்துடன் எதிர்க்கடைக்குப் போய் வருவது நல்லது.