மூட்டையை இறக்கும் முன் துணைவிதியைப் பாருங்கள்

திருச்செங்கோடு வேளாண்மை உற்பத்தியாளர்கள் கூட்டுறவு விற்பனைச் சங்கம் போன்ற பழைய சங்கங்களின் ஏலத்துக்கு மஞ்சளும் பருத்தியும் கொண்டுபோகிறவர்களுக்கு அங்குள்ள நடைமுறை அத்துப்படி. ஊருக்குள் புதிதாக ஒரு பலகை மாட்டி, “நாங்கள் பதிவு பெற்ற சங்கம். பங்குத்தொகை கட்டிச் சேருங்கள், சரக்கை எங்களிடமே போடுங்கள்” என்று ஆள் வரும்போதுதான் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

முதல் கேள்வி, எந்தச் சட்டத்தின் கீழ் பதிவு என்பது. தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 1983-இன் கீழ் பதிவானதே இங்கு மாநிலக் கூட்டுறவுச் சங்கம். 1975-ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி, பத்திரப் பதிவுத் துறையின் மாவட்டப் பதிவாளரிடம் பதிந்த நலச் சங்கங்களும் ‘பதிவு எண்’ என்றுதான் பலகையில் எழுதுகின்றன. அவை லாபத்தை உறுப்பினர்களுக்குப் பங்கிட முடியாது; கூட்டுறவுத் துறைக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. பெயர் ‘புரொடியூசர் கம்பெனி லிமிடெட்’ என்று முடிந்தால் அது கம்பெனிச் சட்டத்தில் வரும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம். பல மாநிலக் கூட்டுறவுச் சங்கம் என்றால் அதன் பதிவாளர் டெல்லியில் இருக்கிறார். நாளைக்குப் பணம் நின்றுபோனால் யாரிடம் மனு கொடுப்பது என்பது இந்த ஒரு பதிலில் அடங்கியிருக்கிறது.

மாநிலச் சங்கம் என்று சொன்னால், பதிவு எண்ணைக் குறித்துக்கொண்டு கூட்டுறவுத் துறையின் சரகத் துணைப் பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள். பால் சங்கமாக இருந்தால் பால்வளத் துறையில் கேட்க வேண்டும். பதிவு உண்மைதானா, சங்கம் நடப்பில் இருக்கிறதா, கலைப்பில் போய்விட்டதா, கடைசித் தணிக்கை எந்த ஆண்டுக்கு முடிந்தது என்று விசாரியுங்கள். பதிவுச் சான்று நிஜமாக இருந்தும் சங்கம் கலைப்பதிகாரியின் கையில் இருக்கலாம்.

அடுத்தது துணைவிதி. பதிவாளர் பதிவு செய்த பிரதிதான் செல்லும். “போன பேரவையில் மாற்றிவிட்டோம்” என்று சொல்லும் திருத்தம் பதிவாளரிடம் பதிவாகும் வரை நடைமுறைக்கு வராது. முதலில் ‘செயல் எல்லை’ என்ற பகுதியைப் பாருங்கள். உங்கள் கிராமம் அதற்குள் இல்லையென்றால் உறுப்பினர் உரிமையே பின்னால் கேள்விக்குள்ளாகும். பிறகு நிதானமாகப் படிக்க வேண்டியது விற்பனை பற்றிய விதிகளை. சங்கம் உங்கள் சரக்கைத் தானே விலைக்கு வாங்குகிறதா, அல்லது தரகு வாங்கிக்கொண்டு வியாபாரியிடம் விற்றுத் தருகிறதா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10 குவிண்டால் மஞ்சள், குவிண்டால் 12,000 ரூபாய் வீதம் 1,20,000 ரூபாய்க்கு ஏலம் போகிறது என்று வையுங்கள். தரகு நூற்றுக்கு ஒன்றரை ரூபாய் என்றால் 1,800 போகும். எடைக்கூலி, ஏற்று இறக்குக்கூலி 600. அதே மஞ்சளை ஈடு வைத்து முன்பே வாங்கிய 50,000 கடனும் அதற்கு வட்டி 1,500-ம் பிடித்தால் கைக்கு வருவது 66,100 ரூபாய். இந்தப் பிடித்தங்கள் ஒவ்வொன்றுக்கும் துணைவிதியிலோ நீங்கள் கையெழுத்திட்ட கடன் பத்திரத்திலோ இடம் இருக்க வேண்டும். இதைவிடப் பெரிய கேள்வி, ஏலம் எடுத்த வியாபாரி பணம் கட்டாமல் இழுத்தடித்தால் என்ன ஆகும் என்பது. சங்கமே வாங்கியிருந்தால் கடன்காரர் சங்கம்தான். தரகு முறை என்றால், பணம் வந்த பிறகே பட்டுவாடா என்று விதி இருந்தால் நீங்களும் காத்திருக்க வேண்டியதுதான். இத்தனை நாளுக்குள் பட்டுவாடா, விலை பிடிக்காவிட்டால் சரக்கைத் திருப்பி எடுக்கலாம் என்ற இரண்டும் எழுத்தில் உள்ளனவா என்று தேடுங்கள்.

உறுப்பினராகாமலே விற்கலாம் என்பார்கள். சில சங்கங்களில் அதற்கு இடமுண்டு. ஆனால் 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 90-ஆவது பிரிவின்படி பதிவாளர் முன் தாவா தொடரும் வழி, அடிப்படையில் சங்கத்துக்கும் அதன் உறுப்பினருக்கும் இடையிலான வழக்குகளுக்கானது. வெளியாளாக விற்றவர் பெரும்பாலும் சிவில் கோர்ட்டுக்குத்தான் நடக்க வேண்டியிருக்கும்.

துணைவிதியைக் காட்ட மறுத்தால்? கூட்டுறவுச் சங்கங்கள் எல்லாமே தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வந்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் சொன்னது. ஆனால் பதிவாளர் அலுவலகம் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. அங்கே மனுப் போட்டு, பதிவு செய்யப்பட்ட துணைவிதியின் நகலைக் கேட்கலாம்.

எல்லாம் சரியாக இருந்து சரக்கை இறக்கினாலும் ரசீதைப் பார்த்து வாங்குங்கள். சங்கத்தின் பெயர், பதிவு எண், உங்கள் உறுப்பினர் எண், எடை ஆகியவை அதில் இருக்க வேண்டும். சங்கத் தலைவரின் சொந்தப் பெயரில் துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தால், சரக்கு சங்கத்துக்குப் போனது என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும்.