கோடு ஏறுகிறது, வேகம் குறைகிறது

கணக்குப் பயிற்சியில் அடிக்கடி வரும் அட்டவணை ஒன்று. இந்திய மக்கள்தொகை, கோடியில்:

| ஆண்டு | மக்கள்தொகை |
|---|---|
| 1971 | 54.8 |
| 1981 | 68.3 |
| 1991 | 84.6 |
| 2001 | 102.9 |
| 2011 | 121.1 |

இதையே வரைபடத்தாளில் குறிக்கலாம். கிடை அச்சில் ஆண்டு. செங்குத்து அச்சில் ஒரு சென்டிமீட்டருக்கு 20 கோடி. அப்படியானால் ஒரு சிறு கட்டம் 2 கோடி. 1971-க்கான புள்ளி 27-ஆவது கட்டத்துக்கும் 28-ஆவது கட்டத்துக்கும் நடுவே விழும். கண்ணால் பார்த்து "சுமார் 55" என்றுதான் சொல்ல முடியும், 54.8 என்பதை அட்டவணைதான் தரும். துல்லியமான எண் கேட்டால் அட்டவணைக்கும், போக்கைக் கேட்டால் கோட்டுக்கும் போக வேண்டும்.

இப்போது கேள்வி: 1971-81, 2001-11 இரண்டில் எந்தப் பத்தாண்டில் வளர்ச்சி அதிகம்? கோட்டைப் பார்த்தால் பின்னதுதான் செங்குத்தாக ஏறுகிறது. கழித்தாலும் அதுவே வரும்: முதலாவதில் 13.5 கோடி, இரண்டாவதில் 18.2 கோடி. பெரும்பாலான பிள்ளைகள் இங்கேயே விடையை எழுதிவிடுகிறார்கள். கேள்வியில் "சதவீத வளர்ச்சி" என்று இருந்தால் அந்த விடை தவறு. 54.8 கோடிப் பேரோடு 13.5 கோடி சேர்ந்தது 24.6 சதவீதம், 102.9 கோடியோடு 18.2 கோடி சேர்ந்தது 17.7 சதவீதம்தான். கோட்டின் சாய்வு எத்தனை பேர் கூடினார்கள் என்பதைக் காட்டும்; இருந்தவர்களில் எத்தனை பங்கு கூடினார்கள் என்பதைக் காட்டாது.

வகுக்கும் இடத்திலும் ஒரு சறுக்கல் உண்டு. தொடக்க ஆண்டுக்குப் பதில் முடிவு ஆண்டான 68.3-ஆல் வகுத்தால் 19.8 வரும். நம்பும்படியான எண்தான், அதனால்தான் பிழை கண்ணில் படுவதில்லை. சரிபார்க்க வழி எளிது: 54.8-இல் 24.6 சதவீதத்தைக் கூட்டினால் 68.3 வருகிறதா? 19.8 சதவீதத்தைக் கூட்டினால் 65.7-இலேயே நின்றுவிடும்.

செங்குத்து அச்சு எங்கே தொடங்குகிறது என்பதையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும். இடத்தை மிச்சப்படுத்த, சில புத்தகங்களில் அச்சின் அடியில் நெளிகோடு போட்டு 40-இலிருந்து தொடங்குவார்கள். அப்போது 2001-இன் புள்ளி 1971-இன் புள்ளியைவிட நான்கு மடங்குக்கு மேல் உயரத்தில் இருக்கும். உண்மையில் மக்கள்தொகை இரண்டு மடங்குகூட ஆகவில்லை. நெளிகோடு இருந்தால் உயரத்தை நம்பாமல் எண்ணைப் படிக்க வேண்டும்.

"1986-இல் எவ்வளவு?" என்று கேட்டால் இரு புள்ளிகளுக்கு நடுவே கோட்டைப் பார்த்துச் சுமார் 76 கோடி எனலாம். அந்த ஆண்டில் கணக்கெடுப்பு நடக்கவில்லை. இரு எண்களை நாம்தான் கோட்டால் இணைத்தோம். அதனால் விடையில் "தோராயமாக" என்ற சொல் வேண்டும். கோட்டைக் கடைசிப் புள்ளிக்கு அப்பால் நீட்டி 2021-க்கு 139 கோடி என்று எழுதுவது இன்னும் பலவீனமான விடை. கொரோனாவால் அந்த ஆண்டுக் கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் ஒப்பிட்டுப் பார்க்கவும் எண் இல்லை. அங்கே "2001-11 போக்கு அப்படியே நீடித்தால்" என்று சேர்த்து எழுதினால்தான் விடை முழுமையாகும்.