எழுபதாவது நிமிடத்துக் கணக்கு

2022 உலகக் கோப்பைக் கால்பந்தில், நவம்பர் 23 அன்று ஜெர்மனியும் ஜப்பானும் மோதின. குண்டோகன் அடித்த பெனால்டியில் ஜெர்மனி 33ஆவது நிமிடத்திலேயே முன்னிலை பெற்றது. முதல் பாதி முழுக்கப் பந்து ஜெர்மனியின் காலில்தான். ஆனாலும் ஜப்பான் 2-1 என்று வென்றது. இரண்டு கோல்களையும் அடித்தவர்கள் மாற்று வீரர்களாக உள்ளே வந்தவர்கள்.

ஓர் அணி ஐந்து பேரை மாற்றலாம். ஆனால் ஆட்டத்துக்கு நடுவே மூன்று தடவைதான் அதற்கு வாய்ப்பு. இடைவேளையில் செய்யும் மாற்றம் இந்த மூன்றில் சேராது. ஜப்பான் பயிற்சியாளர் மொரியாசு அந்தச் சலுகையை விடவில்லை. இடைவேளையிலேயே தடுப்பாட்டக்காரர் டோமியாசுவை இறக்கிப் பின்வரிசையைப் பலப்படுத்தினார். 57ஆவது நிமிடத்தில் வேகக்காரர்களான மிட்டோமாவும் அசானோவும் வந்தனர். 71இல் நடுக்களத்து வீரருக்குப் பதில் டோவான். அடுத்து, தடுப்பாட்டக்காரர் ஒருவருக்குப் பதில் மினாமினோ.

பலன் உடனே தெரிந்தது. 75ஆவது நிமிடத்தில் இடப்பக்கம் மிட்டோமா பந்தை உள்ளே தள்ளினார். மினாமினோ அடித்ததைக் கோல்கீப்பர் நோயர் தட்டிவிட, எதிரே வந்த பந்தை டோவான் வலைக்குள் அடித்தார். மூவருமே புதுக் கால்கள். 83இல், பின்னாலிருந்து வந்த நீண்ட பந்தை அசானோ ஓடிப்போய் அடக்கி, இரண்டாவது கோலை அடித்தார். துரத்தி வந்த தடுப்பாட்டக்காரர் முதல் நிமிடத்திலிருந்து ஆடிக்கொண்டிருந்தவர்.

ஏன் இந்த நேரம்? மூன்று மாற்றங்களே இருந்த காலத்தில், அமெரிக்கப் பேராசிரியர் பிரெட் மையர்ஸ் பல ஆட்டங்களை அலசி, 2012இல் ஒரு விதியை வெளியிட்டார்: பின்தங்கிய அணி முதல் மாற்றத்தை 58ஆவது நிமிடத்துக்குள்ளும், இரண்டாவதை 73க்குள்ளும், மூன்றாவதை 79க்குள்ளும் செய்துவிட வேண்டும். 85இல் இறங்குபவருக்குப் பந்து நாலைந்து தடவை கிடைத்தாலே அதிகம். எழுபதை ஒட்டி இறங்குபவருக்கோ, களைத்த எதிராளியைத் திரும்பத் திரும்பச் சோதிக்க இருபது நிமிடம் இருக்கிறது.

இதில் ஆபத்தும் உண்டு. மினாமினோ இறங்கியதோடு ஜப்பானின் ஐந்து மாற்றங்களும் தீர்ந்தன. அதன்பின் யாருக்காவது கால் பிடித்திருந்தால், பத்துப் பேரோடுதான் ஆடியிருக்க வேண்டும். முன்னிலையில் இருக்கும் அணி ஒரு மாற்றத்தைக் கடைசிவரை கையில் வைத்திருப்பது இதனால்தான். காயத்துக்கும் ஆகும், நேரத்தைக் கடத்தவும் ஆகும்.

நேரம் சரியாக அமைந்தாலும் இடம் வேண்டும். நான்கு நாள் கழித்து, கோஸ்டா ரிகாவுக்கு எதிராக அசானோ இடைவேளையிலேயே வந்தார். மிட்டோமாவும் 62இல் வந்தார். எதிரணி தன் கோலுக்கு முன்னாலேயே கூட்டமாக நின்றதால் ஓட வெளியே இல்லை. 81ஆவது நிமிடத்தில் கோல் வாங்கி ஜப்பான் தோற்றது.