கைபேசியிலிருந்து கிண்டிலுக்குத் தமிழ் மின்னூல்களை அனுப்புதல்

கிண்டில் என்பது அமேசான் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட மின்னூல் படிப்பான். அமேசான் கடையில் வாங்கிய நூல்களை மட்டுமன்றி, நம்மிடம் உள்ள நூல்களையும் ஆவணங்களையும் இதில் ஏற்றிப் படிக்கலாம். கணினி இல்லாதவர்கள் கைபேசியிலிருந்தே இதைச் செய்ய உதவும் வழிகளில் இரண்டைப் பார்ப்போம். ஒன்று, கருவிக்கென உள்ள மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்புதல். மற்றது, யூ.எஸ்.பி. கம்பி மூலம் நகலெடுத்தல். இரண்டு வழிகளும் ஒரே வகைக் கோப்புகளை ஏற்பதில்லை. அனுப்பிய நூல் கிண்டிலில் தோன்றாமல் போவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

எந்த வழிக்கு எந்தக் கோப்பு

தமிழில் இலவச மின்னூல்களை 2013 முதல் வெளியிட்டுவரும் FreeTamilEbooks.com தளத்தில் ஒரே நூல் இபப், மோபி, ஏ4 பி.டி.எஃப்., 6 அங்குல பி.டி.எஃப். என்று பல வடிவங்களில் கிடைக்கும். இவற்றில் எதைப் பதிவிறக்குவது என்பது அனுப்பும் வழியைப் பொறுத்தது.

| கோப்பு வகை | மின்னஞ்சல் வழி | கம்பி வழி |
|---|---|---|
| `.epub` | ஏற்கும் | காட்டாது |
| `.mobi` | ஏற்காது | ஏற்கும் |
| `.azw3` | ஏற்காது | ஏற்கும் |
| `.docx` | ஏற்கும் | காட்டாது |
| `.pdf`, `.txt` | ஏற்கும் | ஏற்கும் |

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் எளியது. கிண்டில் கருவியால் இபப் கோப்பை நேரடியாகத் திறக்க முடியாது. மின்னஞ்சலில் அனுப்பும்போது அமேசானின் வழங்கி அதைக் கிண்டில் வடிவத்துக்கு மாற்றிக் கருவிக்கு அனுப்புகிறது. கம்பியில் இந்த மாற்றம் நடப்பதில்லை. கோப்பு உள்ளபடியே போய்ச் சேர்கிறது. மின்னஞ்சல் வழியில் இபப் கோப்பை 2022 முதல் ஏற்கிறார்கள். பழைய மோபி வடிவத்தை ஏற்பது 2023-இல் நிறுத்தப்பட்டது. ஆகவே அதற்கு முன் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் "மோபியை மின்னஞ்சலில் அனுப்புக" என்றிருந்தால் அது இப்போது பயன்படாது.

மின்னஞ்சல் வழி: ஓர் எடுத்துக்காட்டு

அருப்புக்கோட்டையை ஒட்டியுள்ள பாளையம்பட்டியில் ஒரு கல்லூரி மாணவி இருப்பதாகக் கொள்வோம். வீட்டில் கணினி இல்லை. கைபேசித் தரவு மட்டுமே இணையம். அவரிடம் 6 அங்குலத் திரை கொண்ட 2018-ஆம் ஆண்டின் கிண்டில் பேப்பர்வைட் உள்ளது. ஒரு நாவலின் இபப் கோப்பையும், தேர்வுக்கான தமிழ்ப் பாடக்குறிப்பு ஒன்றையும் அதில் ஏற்ற வேண்டும்.

முதலில் கருவியை இணையத்தில் இணைக்க வேண்டும். கைபேசியின் ஹாட்ஸ்பாட்டை இயக்கியும் கிண்டிலின் பட்டியலில் அது தெரியாவிட்டால், ஹாட்ஸ்பாட் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இருக்கலாம். இவருடைய மாதிரி 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறியும். கைபேசியின் ஹாட்ஸ்பாட் அமைப்பில் இதை மாற்றிவிட்டால் போதும்.

அடுத்து, கருவியின் முகவரி. கிண்டிலில் `Settings`, `Your Account` பகுதிக்குச் சென்றால் `Send-to-Kindle Email` என்ற இடத்தில் `@kindle.com` என்று முடியும் முகவரி இருக்கும். இந்த முகவரிக்கு யார் வேண்டுமானாலும் எதையும் அனுப்பிவிட முடியாது. அமேசான் கணக்கில் `Manage Your Content and Devices` பக்கத்தைத் திறந்து, `Preferences` பகுதியில் `Personal Document Settings` என்பதன்கீழ் உள்ள அனுமதிப் பட்டியலில் தம் மின்னஞ்சல் முகவரியைச் சேர்க்க வேண்டும். பட்டியலில் இல்லாத முகவரியிலிருந்து வரும் கோப்பு கருவிக்குச் செல்லாது.

இனி, பதிவிறக்கிய இபப் கோப்பைப் பகிர்வுப் பொத்தானால் ஜிமெயிலில் இணைத்து அந்த முகவரிக்கு அனுப்பலாம். பொருள் வரியும் மடலும் வெறுமையாக இருக்கலாம். கிண்டில் முகவரி ஒரு மடலில் 50 மெகாபைட் வரை ஏற்றாலும், ஜிமெயிலின் வரம்பு 25 மெகாபைட். படங்கள் குறைந்த தமிழ் நாவல் இதைத் தொடுவது அரிது.

சில நிமிடங்களில் நூல் வரவில்லை என்றால் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். கைபேசியில் சொந்தக் கணக்கும் கல்லூரிக் கணக்கும் இருந்தால், மடல் எந்தக் கணக்கிலிருந்து போனது என்று அனுப்பிய மடலில் சரிபார்க்க வேண்டும். அனுமதித்தது ஒன்று, அனுப்பியது வேறொன்று என்பது அடிக்கடி நேரும் தவறு. மற்றொன்று, இந்தக் கோப்பை அனுப்பியது நீங்கள்தானா என்று கேட்டு அமேசானிலிருந்து மடல் வந்திருக்கக்கூடும். அதில் உள்ள இணைப்பை 48 மணி நேரத்துக்குள் அழுத்தினால்தான் நூல் கருவிக்கு வரும்.

தமிழ் பி.டி.எஃப். தரும் சிக்கல்

மாணவியின் பாடக்குறிப்பு ஏ4 அளவு பி.டி.எஃப். ஆக இருந்தால் அது கிண்டிலைச் சென்றடையும். ஆனால் படிக்க முடியாது. 21 செ.மீ. அகலத் தாள் ஏறக்குறைய 9 செ.மீ. அகலத் திரைக்குள் சுருங்கும்போது, 12 புள்ளி எழுத்து 5 புள்ளி அளவுக்குக் குறைந்துவிடும். பி.டி.எஃப்.-இல் எழுத்தை மட்டும் பெரிதாக்கவும் இயலாது.

மடலின் பொருள் வரியில் `convert` என்று எழுதி அனுப்பினால் பி.டி.எஃப். கிண்டில் வடிவத்துக்கு மாறும். ஆங்கில நூல்களுக்கு இது ஓரளவு உதவும். தமிழில் பல பி.டி.எஃப்.களில் எழுத்துகள் திரையில் காணும் வரிசையிலேயே பதிந்திருப்பதால், "கொ" போன்ற எழுத்துகளின் கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்து விழும். யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சான பி.டி.எஃப். என்றால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக வரும். பாடக்குறிப்பின் மூலக் கோப்பு யூனிகோடில் வேர்டு ஆவணமாக இருந்தால் அதையே அனுப்புவது நல்லது. அது திரைக்கேற்ப மடிந்து, எழுத்தளவையும் மாற்ற இடம் தரும்.

சில இபப் நூல்கள் `à®¤à®®` போன்ற குறிகளாகத் திறப்பதுண்டு. நூலின் உட்கோப்புகளில் குறியேற்றம் குறிப்பிடப்படாததால் தமிழ் யூனிகோடு தவறாகப் படிக்கப்பட்டதன் அடையாளம் இது. மீண்டும் அனுப்பினாலும் அப்படியே வரும். அந்த நூலின் 6 அங்குல பி.டி.எஃப்.-ஐ மாற்றமின்றி அனுப்பலாம், அல்லது மோபியைக் கம்பி வழியில் ஏற்றலாம்.

கம்பி வழி

ஹாட்ஸ்பாட்டும் தரவும் இல்லாதபோது இவ்வழி உதவும். இதற்குத் தரவைக் கடத்தும் கம்பி வேண்டும். மின்னேற்றம் மட்டும் செய்யும் கம்பி பயன்படாது. 2018 மாதிரியில் மைக்ரோ யூ.எஸ்.பி. துளை உள்ளதால், கைபேசியின் டைப்-சி துளையில் ஓ.டி.ஜி. இணைப்பியைச் செருகி அதன்வழி கம்பியை இணைக்க வேண்டும். சில கைபேசிகளில் ஓ.டி.ஜி. வசதியை அமைப்புகளில் இயக்க வேண்டியிருக்கும். இணைந்ததும் கைபேசியின் கோப்பு மேலாளரில் கிண்டில் ஒரு பென் டிரைவ் போலத் தோன்றும். மோபி கோப்பை அதிலுள்ள `documents` கோப்புறையில் ஒட்டி, வெளியேற்றும் கட்டளையைக் கொடுத்த பின்னரே கம்பியை எடுக்க வேண்டும். 2024-இல் வந்த மாதிரிகள் பென் டிரைவ் போல இணைவதில்லை. அவை எல்லாக் கைபேசிகளின் கோப்பு மேலாளரிலும் ஒரே மாதிரி தெரிவதில்லை.

மின்னஞ்சலில் அனுப்பிய நூல் அமேசான் கணக்கிலும் சேமிக்கப்படும். கருவியிலிருந்து நீக்கினாலும் மீண்டும் இறக்கலாம். கைபேசியின் கிண்டில் செயலியிலும் படிக்கலாம். கம்பியில் ஏற்றிய நூல் அந்தக் கருவியில் மட்டுமே இருக்கும். கருவியைத் தொடக்க நிலைக்கு மீட்டமைத்தால் அதுவும் அழிந்துவிடும். எனவே கம்பியில் ஏற்றும் நூல்களின் மூலக் கோப்பைக் கைபேசியிலிருந்து நீக்காமல் வைத்திருக்க வேண்டும்.